பத்திரத்தில் எழுதிய விலையும் வீடு விற்ற லாபமும்

2024 ஜூலை 23 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வாசித்த பட்ஜெட்டில், சொந்தமாகப் பழைய வீடோ மனையோ வைத்திருப்பவர்களைத் தூக்கிவாரிப் போட்ட அறிவிப்பு ஒன்று இருந்தது. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கான வரி 20 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைகிறது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கூடவே இன்னொன்றையும் சொன்னார்: வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் சலுகை இனி கிடையாது. பேனாவும் தாளும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் பலருக்கு, வரி விகிதம் குறைந்தும் கட்ட வேண்டிய தொகை கூடியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று மக்களவையில் நிதி மசோதா நிறைவேறியபோது ஒரு திருத்தம் சேர்ந்திருந்தது. ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய நிலத்துக்கும் கட்டடத்துக்கும் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் கணக்குப் போட்டு, எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம்.

ஆக, இன்று வீடு விற்பவர் ஒரே விற்பனைக்கு இரண்டு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டால் அவர் போட்டுவிடுவார், உண்மைதான். ஆனால் அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்கள் எல்லாம் வீட்டுக்காரரின் பீரோவில்தான் இருக்கின்றன. எந்தக் காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரியாமல் பலர் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மதுரையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 2004 ஜூலையில் ஒரு தனி வீடு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். விலை 12,30,000 ரூபாய். 2012-ல் மாடி எடுத்தார். அதற்கு 9,00,000 ஆனது. 2019-ல் வீடு முழுக்க வெள்ளையடித்து, கசிந்த குழாய்களை மாற்றினார், செலவு 1,60,000. மகளோடு போய் இருக்க முடிவு செய்து, 2025 நவம்பரில் வீட்டை 90 லட்சத்துக்கு விற்றார். தரகருக்கு ஒரு சதவீதம், 90,000 கொடுத்தார். அக்கம்பக்கத்தார் பார்வையில் அவருக்கு லாபம் முக்கால் கோடிக்கு மேல். வருமான வரிச் சட்டத்தின் பார்வை வேறு.

கணக்கு விற்ற விலையில் தொடங்குகிறது. தரகு, பத்திரிகை விளம்பரம் போல விற்பதற்காகவே செய்த செலவைக் கழித்துக்கொள்ளலாம். எனவே 90,00,000-ல் 90,000 போக 89,10,000. இதில் ஒரு சிக்கல் வரலாம். பத்திரத்தில் எழுதிய விலையை வருமான வரித்துறை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்போடு ஒப்பிடும். வழிகாட்டி மதிப்பு, விற்ற விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்ளும். ஆசிரியையின் வீட்டுக்கு வழிகாட்டி மதிப்பு 96 லட்சம் என்றால் கவலையில்லை. 99 லட்சம் வரை தாங்கும். 1 கோடியே 2 லட்சம் என்று இருந்தால், கையில் வராத 12 லட்சத்துக்கும் சேர்த்து அவர் கணக்குக் காட்ட வேண்டும். விலை இறங்கிப்போன, ஆனால் வழிகாட்டி மதிப்பு இறங்காத தெருக்களில் விற்பவர்களுக்கு இது நிஜமான தலைவலி. அவர்கள் வரி அதிகாரியிடம், சொத்தை மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்புங்கள் என்று கேட்க உரிமை உண்டு.

அடுத்தது வாங்கிய அடக்கம். இது வெறும் கிரயத் தொகை மட்டுமல்ல. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதியவர் கூலி, வாங்கும்போது கொடுத்த தரகு, வக்கீலிடம் மூலப் பத்திரங்களைக் காட்டிக் கருத்துக் கேட்ட கட்டணம் எல்லாம் அடக்கத்தில் சேரும். நம் ஆசிரியைக்கு இவை எல்லாமாக 1,26,000 ஆகியிருந்தது. ரசீதுகளைப் பத்திரக் கவரிலேயே வைத்திருந்தார். எனவே அவருடைய அடக்கம் 13,56,000.

வீட்டுக்கடன் வட்டியையும் அடக்கத்தில் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். ஆண்டுதோறும் வருமானத்திலிருந்து கழித்துச் சலுகை பெற்ற வட்டியைச் சேர்க்க முடியாது. ஒரே வட்டிக்கு இரண்டு முறை சலுகை பெறும் வழி இருந்ததால், 2023-ம் ஆண்டு நிதிச் சட்டம் அதை வெளிப்படையாக அடைத்துவிட்டது.

நம் ஊரில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இந்த அடக்கம்தான். வாங்கும் அன்று பத்திரச் செலவை மிச்சப்படுத்த, கொடுத்த விலை ஒன்று, எழுதிய விலை ஒன்று என்று பதிந்துகொள்வது நீண்ட நாள் வழக்கம். ஆசிரியை 12,30,000 கொடுத்துவிட்டுப் பத்திரத்தில் 7 லட்சம் என்று எழுதியிருந்தால், அன்று ஐம்பதாயிரம் ரூபாய் போல மிச்சமாகியிருக்கும். 2025-ல் அவருடைய அடக்கம் 7 லட்சத்திலிருந்துதான் தொடங்கும். மீதி 5,30,000 ரொக்கமாகக் கொடுத்ததற்கு எந்தச் சாட்சியும் இராது; இருந்தாலும் அதைக் காட்டப் போனால் வேறு கேள்விகள் எழும். பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் அந்த 5,30,000 இன்றைய கணக்கில் 17 லட்சத்துக்கு மேல் கழிவாகியிருக்கும். அதற்கு 20 சதவீத வரி மூன்றரை லட்சம். வாங்கியவர் செய்த மிச்சத்துக்கான விலையை இருபது வருடம் கழித்து விற்பவர் கட்டுகிறார், அவ்வளவுதான்.

இனி மாடி. கட்டிய செலவு மேம்பாட்டுச் செலவு என்ற பெயரில் தனியாகச் சேரும். சொத்தில் புதிதாக ஒன்றைக் கூட்டியதா, அதன் அமைப்பை மாற்றியதா என்பதுதான் இங்கே சோதனை. மாடி, கூடுதல் அறை, புதிய ஆழ்துளைக் கிணறு, மதில் சுவர் எல்லாம் தேறும். வெள்ளையடிப்பதும், ஒழுகும் குழாயை மாற்றுவதும் இருந்ததை இருந்தபடி வைத்திருக்கச் செய்யும் பராமரிப்பு. அதனால் 2019-ல் ஆன 1,60,000 கணக்கில் வராது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் வேலைகள்தான் வம்புக்கு இடம் கொடுப்பவை. உடைந்த நான்கு ஓடுகளை மாற்றுவது பழுது; ஓட்டுக் கூரையையே பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவது மேம்பாடு. பழைய சமையலறையை இடித்து நகர்த்திக் கட்டினால் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பேச்சு மாறும்.

அதிகாரி கேட்டால் 9 லட்சத்தை எப்படி நிரூபிப்பது? மாடிக்கு வாங்கிய கட்டட அனுமதி, வரைபடம், சிமெண்ட், கம்பி பில்கள், மேஸ்திரிக்குக் காசோலையில் கொடுத்த தொகை, மாடி வந்த பிறகு மாநகராட்சி சொத்து வரியை உயர்த்திய உத்தரவு ஆகியவை சேர்ந்து கதை சொல்லும். கடைசியாகச் சொன்ன காகிதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் எந்த ஆண்டில் கட்டடம் கூடியது என்பதற்கு மூன்றாம் தரப்பு கொடுத்த சாட்சி அதுதான். பில் ஒன்றுமே இல்லாவிட்டால் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை கைகொடுக்கலாம். அதையும் அதிகாரி முழுமையாக ஏற்பார் என்று சொல்ல முடியாது. மாடி கட்டுபவர்களில் பாதிப் பேர் மேஸ்திரியிடம் வாரா வாரம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு நோட்டில்கூட எழுதி வைப்பதில்லை.

லாபம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் எத்தனை நாள் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். நிலத்துக்கும் வீட்டுக்கும் கோடு 24 மாதம். அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாயம். 24 மாதத்தைத் தாண்டாவிட்டால் குறுகியகால ஆதாயம், அதற்கு 12.5 என்பதும் கிடையாது, பணவீக்கம் என்பதும் கிடையாது. லாபம் அப்படியே அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து, 30 சதவீத வரி கட்டுபவருக்கு 30 சதவீதமே ஆகும். 2023 ஜனவரி 10 அன்று வாங்கிய மனையை 2025 ஜனவரி 5 அன்று கிரயம் செய்து கொடுத்தவர், இரண்டு வாரம் பொறுத்திருந்தால் பாதிக்கும் குறைவான வரியோடு தப்பியிருப்பார். 2017 ஏப்ரலுக்கு முன்பு இந்தக் கோடு 36 மாதமாக இருந்தது.

காலக்கணக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பயன்படக்கூடியது. மனையை வாங்கிப் பல ஆண்டு சும்மா போட்டுவைத்திருந்துவிட்டு, வீடு கட்டிய கையோடு விற்பவர்கள் உண்டு. வீடு புதியது என்பதால் மொத்தமும் குறுகியகாலமா? டாக்டர் டி.எல். ராமச்சந்திர ராவ் வழக்கில், நிலம் வேறு, அதன்மேல் நிற்கும் கட்டடம் வேறு. இரண்டுக்கும் காலத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. 2008-ல் மனை வாங்கி, 2024-ல் வீடு கட்டி, 2025-ல் விற்றவர், விற்ற விலையை நிலத்துக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார். நிலத்தின் லாபம் நீண்டகாலம். கட்டடத்தின் லாபம் மட்டும் குறுகியகாலம். நிலத்தின் விலைதான் இதில் பெரும் பகுதி என்பதால் வித்தியாசம் லட்சங்களில் வரும். பிரிக்கும்போது கை நீளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டடத்துக்கு ஆன செலவைவிடக் குறைவாக அதன் விலையைக் காட்டினால் கேள்வி வரும்.

இப்போது பணவீக்கம். 2004-ல் கொடுத்த ஒரு ரூபாயும் 2025-ல் வாங்கிய ஒரு ரூபாயும் ஒன்றல்ல என்று சட்டம் ஒப்புக்கொள்ள நீண்ட காலம் ஆனது. மூலதன ஆதாய வரியை லியாகத் அலி கான் 1947 பட்ஜெட்டில் கொண்டுவந்தார்; சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. 1956-ல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது மீண்டும் வந்தது. அதன்பிறகும் பல பத்தாண்டுகள், எத்தனை வருடம் வைத்திருந்து விற்றாலும் ஒரே மாதிரியான கழிவுதான். வைத்திருந்த காலத்துக்கு ஏற்ப அடக்கத்தை உயர்த்த வேண்டும் என்று ராஜா செல்லையா தலைமையிலான வரிச் சீர்திருத்தக் குழு யோசனை சொல்ல, 1992 பட்ஜெட்டில் மன்மோகன் சிங் அதை ஏற்றார். வரியைத் திரும்பக் கொண்டுவந்தவர், அதைப் பணவீக்கத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னவர், அந்தச் சேர்க்கையை 2024-ல் எடுத்தவர் என மூவரும் தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர்கள் என்பது ஒரு வேடிக்கையான தற்செயல்.

கருவி எளிமையானது. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் மத்திய அரசு ஒரு குறியீட்டெண்ணை அறிவிக்கிறது. 2001-02-க்கு 100 என்று வைத்து அங்கிருந்து தொடங்குகிறது. 2004-05-க்கு 113, 2012-13-க்கு 200, 2025-26-க்கு 376. விற்ற ஆண்டின் எண்ணை வாங்கிய ஆண்டின் எண்ணால் வகுத்து, வருவதை அடக்கத்தோடு பெருக்க வேண்டும். ஆசிரியையின் 13,56,000, 376-ஐ 113-ஆல் வகுத்த அளவுக்கு உயர்ந்து 45,12,000 ஆகிறது. மாடிக்கு எடுக்க வேண்டியது வீடு வாங்கிய ஆண்டின் எண் அல்ல, மாடி கட்டிய ஆண்டின் எண். எனவே 9,00,000 ரூபாய் 376-ஐ 200-ஆல் வகுத்த அளவுக்கு உயர்ந்து 16,92,000. வீடு வாங்கிய ஆண்டையே மாடிக்கும் போட்டுவிடுவது கணினியில் தாமே கணக்குப் போடுபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. மாடி வேலை மார்ச்சைத் தாண்டி அடுத்த நிதியாண்டுக்குப் போயிருந்தால் செலவை இரண்டாகப் பிரித்து இரண்டு எண்களைப் போட வேண்டும்.

குறியீட்டெண் நிதியாண்டுக்கு ஒன்றுதான் என்பதால் சில நாள் இடைவெளிக்குப் பெரிய விலை வந்துவிடும். 2010-11-க்கு 167, 2011-12-க்கு 184. 2011 மார்ச் 30 அன்று பதிந்தவருக்கும் ஏப்ரல் 4 அன்று பதிந்தவருக்கும் நடுவே ஐந்து நாள்தான். இன்று விற்கும்போது முதலாமவரின் அடக்கம் பத்து சதவீதம் அதிகமாக உயரும். வாங்குவதை மார்ச்சுக்குள் முடித்து விற்பதை ஏப்ரலுக்குத் தள்ளுவதில் லாபம் உண்டு என்று ஆடிட்டர்கள் சொன்னதன் காரணம் இது.

இந்த எண் பணவீக்கம் முழுவதையும் பிடிப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நகர்ப்புற நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஆண்டு உயர்வில் 75 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுக்கச் சட்டம் சொல்கிறது. விலைவாசி எட்டு சதவீதம் ஏறினால் அடக்கம் ஆறு சதவீதம் ஏறும். 100-லிருந்து 376-க்கு வர 24 ஆண்டு ஆகியிருக்கிறது; ஆண்டுக்குச் சராசரியாக ஐந்தரை சதவீதத்துக்குச் சற்று மேல். மனை விலை அதைவிட வேகமாக ஏறிய இடங்களில் பணவீக்கக் கழிவு பின்தங்கிவிடுகிறது. மெதுவாக ஏறிய இடங்களில் அதுவே பெரிய கேடயம்.

எல்லாம் தயார், ஆசிரியையின் இரண்டு கணக்கையும் அருகருகே வைக்கலாம். பழைய முறையில் உயர்த்திய அடக்கம் 45,12,000-ம் 16,92,000-ம் சேர்ந்து 62,04,000. விற்று வந்த 89,10,000-ல் அது போக ஆதாயம் 27,06,000. 20 சதவீத வரி 5,41,200. புதிய முறையில் அடக்கம் உயராது. 13,56,000-ம் 9,00,000-ம் சேர்ந்து வெறும் 22,56,000. ஆதாயம் 66,54,000, 12.5 சதவீத வரி 8,31,750. பழைய முறையில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் மிச்சம். இதன்மேல் 4 சதவீதம் கல்வி, சுகாதார மேல்வரி சேரும். அதையும் சேர்த்தால் 5,62,848. விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்கியவர் ஒரு சதவீதத்தை, அதாவது 90,000-ஐப் பிடித்து அரசுக்குக் கட்டியிருப்பார். அது இதில் கழியும்.

இதே வீடு பைபாஸ் பக்கம் இருந்து, செலவு போக ஒன்றரைக் கோடி வந்திருந்தால்? பழைய முறையில் வரி 17,59,200. புதிய முறையில் 15,93,000. முடிவு தலைகீழ். இந்த வீட்டைப் பொறுத்தவரை, கைக்கு வந்த தொகை 1 கோடியே 28 லட்சத்தைத் தொடும் இடத்தில் இரண்டு முறையும் ஏறக்குறையச் சமமாகின்றன. அதற்குக் கீழே பழையது, மேலே புதியது. வீட்டுக்கு வீடு இந்தப் புள்ளி மாறும். பழைய முறைதான் எப்போதும் நல்லது என்றோ, 12.5 என்பது குறைந்த விகிதம் என்பதால் அதுவே லாபம் என்றோ வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். 2014-15-ல் சென்னை புறநகரில் எல்லாச் செலவும் சேர்த்து 60 லட்சத்துக்கு அடுக்குமாடி வீடு வாங்கியவர், 2025-ல் செலவு போக 85 லட்சத்துக்கு விற்கிறார். அந்த ஆண்டின் எண் 240. உயர்த்திய அடக்கம் 94 லட்சம். சட்டத்தின் பழைய கணக்குப்படி அவருக்கு 9 லட்சம் நஷ்டம். புதிய கணக்குப்படி 25 லட்சம் லாபம், வரி 3,12,500. குறைந்ததைக் கட்டலாம் என்பதால் அவர் கட்டுவது பூஜ்யம். ஆனால் அந்த 9 லட்சம் நஷ்டத்தை முன்போல அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துப்போய் வேறு லாபத்தில் கழிக்க முடியாது. 2024 திருத்தம் வரியைக் குறைக்க மட்டுமே ஒப்புக்கொள்கிறது. உயர்த்திய அடக்கத்தால் வரும் நஷ்டத்தை ஏற்பதில்லை.

பரம்பரை வீடுகளில் குழப்பம் வேறு மாதிரி. கும்பகோணத்தில் தாத்தா 1968-ல் 8,000 ரூபாய்க்கு வாங்கிய வீடு என்று கொள்வோம். அவருக்குப் பின் அப்பாவுக்கு வந்தது. 2010-ல் அப்பா காலமானபின் அண்ணனும் தங்கையும் வாரிசானார்கள். 2025-ல் 60 லட்சத்துக்கு விற்றார்கள். அவர்கள் எதையும் வாங்கவில்லையே, அடக்கம் எது? அப்பா காலமான நாளில் இருந்த சந்தை மதிப்புதான் அடக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. காசு கொடுத்துக் கடைசியாக வாங்கியவர் கொடுத்த விலையே வாரிசின் அடக்கம். அவர் வைத்திருந்த காலமும் வாரிசின் காலத்தோடு சேரும். எனவே அப்பா காலமான மறுமாதமே விற்றாலும் அது நீண்டகால ஆதாயம்தான்.

8,000 ரூபாயை வைத்துக் கணக்குப் போட்டால் விற்ற தொகை முழுவதும் லாபமாகிவிடும். இதற்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு வாங்கிய சொத்துக்கு, வாங்கிய விலைக்குப் பதில் அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை அடக்கமாக எடுக்கலாம். முன்பு இந்தத் தேதி 1981-ல் இருந்தது. 2017 பட்ஜெட் அதை 2001-க்கு நகர்த்தியது. மதிப்பீட்டாளர்கள் இந்த எண்ணைத் தாராளமாக ஏற்றி எழுதினார்கள் என்பதாலோ என்னவோ, 2020-ல் ஒரு கடிவாளம் வந்தது. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் 2001 ஏப்ரல் 1 மதிப்பு, அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. கும்பகோணம் வீட்டுக்கு மதிப்பீட்டாளர் 7 லட்சம் என்று எழுதினாலும், சார்பதிவாளர் அலுவலகக் கணக்கில் அன்று 2,000 சதுர அடிக்கு அடி 200 ரூபாய் வீதம் 4 லட்சமும், பழைய கட்டடத்துக்கு 1 லட்சமும் என்றால் 5 லட்சம்தான் செல்லும். தாத்தா 1985-ல் கூடம் எடுத்துக் கட்டிய செலவைத் தனியாகச் சேர்க்க முடியாது. 2001-க்கு முந்தைய மேம்பாடு எல்லாம் அந்த 5 லட்சத்துக்குள் அடக்கம்.

பணவீக்கத்தை எந்த ஆண்டிலிருந்து சேர்ப்பது என்பதில் ஒரு வழக்கே நடந்தது. வாரிசின் கைக்கு வந்த ஆண்டிலிருந்து என்று வரித்துறை வாதாடியது. அப்படியானால் அண்ணன் தங்கைக்கு 2010-11-ன் எண்ணான 167 வரும். 5 லட்சம் 11 லட்சத்துச் சொச்சமாகவே உயரும். மஞ்சுளா ஷா வழக்கில் 2011-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. முன்னவர் வைத்திருந்த காலத்தைச் சேர்த்துக்கொண்டு, பணவீக்கத்துக்கு மட்டும் அதை விட்டுவிடுவது பொருந்தாது என்றது. அதன்படி எண் 100, அடக்கம் 18,80,000. பழைய முறையில் ஆதாயம் 41,20,000, வரி 8,24,000. புதிய முறையில் 55 லட்சத்துக்கு 6,87,500. இவ்வளவு உயர்த்தியும் இங்கே புதிய முறைதான் குறைவு. 2001-ல் வழிகாட்டி மதிப்பு அவ்வளவு தாழ்ந்து கிடந்தது. இருவரும் தத்தம் பாதியைத் தனித்தனியாகக் கணக்குக் காட்டி, ஆளுக்கு 3,43,750-ம் மேல்வரியும் கட்ட வேண்டும்.

அந்தத் தங்கை சிங்கப்பூரில் குடியிருந்தால் அவருக்கு இந்த ஒப்பீடே இல்லை. இரண்டில் குறைந்ததைக் கட்டும் உரிமை, அந்த ஆண்டு வரிச் சட்டப்படி இந்தியாவில் குடியிருப்பவராகக் கருதப்படும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு 12.5 சதவீதம் ஒன்றே. கும்பகோணம் வீட்டில் அதனால் நஷ்டமில்லை. மதுரை வீடு அவர் பெயரில் இருந்தால் மூன்று லட்சம் போயிருக்கும். வளைகுடாவில் இருந்தபடி ஊரில் வீடு விற்பவர்கள், பத்திரம் பதிவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. அவர்களிடமிருந்து வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரியும் ஒரு சதவீதத்தோடு நிற்காது.

2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியவர்களுக்கு, உள்ளூரில் இருந்தாலும் ஒரே கணக்குதான். எல்லாச் செலவும் சேர்த்து 50 லட்சத்துக்கு மனை வாங்கியவர் பத்தாண்டு கழித்து விற்கிறார், விலை ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறியது, விலைவாசியும் அதே ஐந்து சதவீதம் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். கையில் வருவது 81,44,000. அந்தப் பணத்தால் அவர் வாங்கக்கூடியது பத்தாண்டுக்கு முன் 50 லட்சத்தால் வாங்க முடிந்ததுதான். ஆனாலும் 31,44,000 லாபம் என்று எழுதி 3,93,000 வரி கட்ட வேண்டியிருக்கும். அவர் கணக்கில் கழிப்பதற்கு எஞ்சியிருப்பவை வாங்கிய விலை, அதன் பத்திரச் செலவு, இடையில் எழுப்பிய மதில், போட்ட ஆழ்துளைக் கிணறு, விற்கும்போது கொடுத்த தரகு ஆகியவையே. ஆழ்துளைக் கிணற்றுக்காரரிடம் பில் கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் நம்மிடம் வரவில்லை.